கட்டுக்காசு பிந்தியபோது வந்த கோல்களும் நான் எழுதிய கடிதமும்

கடனில் மூன்று கட்டுக்காசு பிந்தினால் நிதி நிறுவனத்திலிருந்து போன் கோல் வரும். அதில் பிழை சொல்ல எதுவும் இல்லை. காசு கொடுத்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். எனக்கு வந்த கோல்களில் சிக்கல் வேறு. காலையில் ஒருவர், பின்னேரம் வேறொருவர், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொருவர் எடுப்பார். ஆளுக்கொரு தொகை சொல்லுவார்கள். முதல் ஆளுடன் பேசி முடித்தது அடுத்த ஆளுக்குத் தெரிந்திருக்காது. கொஞ்ச நாளில் கோல் என் கடைச் சொந்தக்காரருக்கும் போகத் தொடங்கியது.

கொக்குவிலில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷினும் ஒரு ஓவர்லொக்கும் வாங்க 3,00,000 ரூபா கடன் எடுத்தேன். வருட வட்டி 24 வீதம், குறைந்து செல்லும் மீதிக்குத்தான் வட்டி, 36 மாதம், மாதம் 11,770 ரூபா. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி கட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு கணவருக்குச் சத்திரசிகிச்சை, ஆர்டரும் குறைவு. மூன்று மாதம் கட்ட முடியவில்லை. அதற்கு மேல் அந்தக் கதை இங்கே தேவையில்லை.

முதலில் பொலிஸ் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் பயந்து கண்ட இடத்தில் கைமாற்று வாங்கிக் கட்டுவது இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டேல்லையெண்டால் பொலிஸோட வருவம்" என்றார் ஒரு தம்பி.

"எந்த நீதிமன்றத்தில வழக்குப் போட்டிருக்கிறியள்? வழக்கு இலக்கத்தைச் சொல்லுங்கோ தம்பி, எழுதிவைக்கிறன்" என்றேன்.

அவர் பேச்சை மாற்றிவிட்டார். தவணை தவறுவது ஒப்பந்தத்தை மீறுவது. அது சிவில் விசயம். அதற்காகப் பொலிஸ் ஒருவரைப் பிடிக்கவும் முடியாது, வீட்டிலிருந்து பொருளைத் தூக்கவும் முடியாது. பொருளைக் கைப்பற்றுவதென்றால் நிறுவனம் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அந்தக் கட்டளையோடு நீதிமன்றத்தின் பிஸ்கால் உத்தியோகத்தர் வரவேண்டும். காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் கதை வேறு, அது குற்றமாகவும் போகலாம். லீசிங் வாகனமும் வேறு. வாகனத்தின் உரிமையாளர் புத்தகத்தில் நிறுவனம்தான் என்பதால் அங்கே பேச்சே வேறு மாதிரி. என்னுடையது வெறும் கடன், இரண்டு பிணையாளர்களோடு.

ஆனால் இதிலிருந்து "ஒன்றும் செய்ய ஏலாது" என்ற முடிவுக்கு வரக்கூடாது. நீதிமன்றத்திலிருந்து உண்மையாகவே அழைப்பாணை வந்தால் அது பிஸ்கால் மூலமோ பதிவுத் தபாலிலோ வரும், அதில் வழக்கு இலக்கமும் திகதியும் இருக்கும். அதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் நிறுவனம் போனால் நிபந்தனைத் தீர்ப்பு முதலிலேயே வந்துவிடும். அதை எதிர்க்க நாங்கள்தான் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தத் திகதியைத் தவறவிட்டால் தீர்ப்பு உறுதியாகிவிடும். அப்படி ஒரு கடதாசி கைக்கு வந்த அன்றே சட்டத்தரணியிடம் போகவேண்டும். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.

சரி, கோல்களுக்கு வருவோம். என் தங்கச்சி சொன்ன வழி எல்லா இலக்கத்தையும் புளொக் பண்ணுவது. நான் செய்யவில்லை. புளொக் பண்ணினால் அவர்களுடைய குறிப்பில் "தொடர்புகொள்ள முடியவில்லை" என்றுதான் ஏறும். அதன் பிறகு வீட்டுக்கு வருவதற்கும், பிணையாளரை நெருக்குவதற்கும் அதுவே காரணமாகிவிடும். அதைவிட நான் ஒரு கொப்பி எடுத்தேன். கோல் வந்த திகதி, நேரம், எந்த இலக்கம், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன தொகை, மிரட்டல் ஏதும் இருந்தால் அந்த வசனம் அப்படியே. ஒவ்வொரு கோலிலும் முதல் கேள்வியாகப் பெயரையும், நிறுவனத்தின் ஊழியரா வெளி ஏஜென்சியா என்பதையும் கேட்டேன். பெயர் கேட்டவுடனேயே பாதிப்பேரின் குரல் மாறியது. வட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திகளை அழிக்கவில்லை.

ஒலிப்பதிவைப் பற்றி ஒன்று. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, சம்பவம் நடக்கும்போதே எடுத்த ஒலிப்பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். அதற்கு விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே மற்றத் தரப்புக்கு அறிவிக்க வேண்டும். எடுத்த போனை விற்காமல், மூலப் பதிவை வெட்டி ஒட்டாமல் வைத்திருப்பதும் முக்கியம். அனேகமாக அந்த அளவுக்குப் போகத் தேவை வராது. ஆனால் முறைப்பாடு எழுதும்போது "நிறைய நாளாகத் தொல்லை" என்பதைவிட "இந்தத் திகதி இரவு 9.20க்கு இந்த இலக்கத்திலிருந்து" என்பதற்குத்தான் பதில் வரும்.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது கடைச் சொந்தக்காரருக்குப் போன கோல்தான். "உங்கட கடையில இருக்கிற பிள்ளை காசு கட்டுறதில்லை, சொல்லிவையுங்கோ" என்றிருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர், என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். ஆனால் கொக்குவிலில் ஒரு ஒழுங்கைக்குள் ஒருவருக்குத் தெரிந்தால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பிணையாளர் வெளியாள் அல்ல. கடன் தவறினால் அவரிடம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. எங்கள் பழைய ரோமன் டச்சுச் சட்டப்படி, முதலில் கடன்காரரிடம் அறவிட முயன்றுவிட்டுத்தான் என்னிடம் வரவேண்டும் என்று பிணையாளர் சொல்லலாம். ஆனால் நிதி நிறுவனங்களின் பிணைப் பத்திரத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி அனேகமாக இருக்கும், கையெழுத்து வைப்பவர் அதை வாசிப்பதில்லை. ஆகவே என் அண்ணாவுக்குக் கோல் போனதை நான் குறைசொல்லவில்லை. முதல் தவணை தவறியவுடனேயே நானே அவரிடமும் மற்றப் பிணையாளரான ரீச்சரிடமும் சொல்லிவிட்டேன். நான் சொல்லிக் கேட்பதும் கொம்பனி சொல்லிக் கேட்பதும் ஒன்றல்ல.

விண்ணப்பத்தில் "தொடர்புக்கு" என்று எழுதிக் கொடுத்த மச்சாளின் இலக்கம் வேறு. அவர் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. என்னைத் தேடிப் பிடிக்க அவரிடம் கேட்கலாம், என் நிலுவை எவ்வளவு என்று அவரிடம் சொல்ல முடியாது. கடைச் சொந்தக்காரர், பக்கத்து வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், முகநூல் நண்பர்கள் இவர்களுக்கெல்லாம் சொல்ல எந்த அடிப்படையும் கிடையாது.

மத்திய வங்கி 2023 ஓகஸ்டில் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் என்று ஒன்றை வர்த்தமானியில் வெளியிட்டது. வாடிக்கையாளரின் தகவலை இரகசியமாக வைக்கவேண்டும், கடன் அறவிடும்போது துன்புறுத்தவோ மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். அறவிடும் வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதுதான். "அது ஏஜென்சிப் பெடியள், எங்களுக்குத் தெரியாது" என்று கிளை முகாமையாளர் கை கழுவ முடியாது. என் முகாமையாளர் முதலில் அதைத்தான் சொன்னார்.

அதனால் கடிதம் எழுதினேன். வாயால் பேசுவது அவர்களுக்கு வசதி, ஏனென்றால் அதில் எதுவும் மிஞ்சாது. கடிதம் நீளமில்லை:

"கடன் இலக்கம் இன்னது. மூன்று தவணைகள் நிலுவையில் உள்ளதை ஏற்கிறேன். கட்டுவதற்கு விருப்பம் உள்ளது. பின்வருவனவற்றை எழுத்தில் தமிழில் தரவும்: இன்றைய திகதிக்கான கணக்குக் கூற்று, அதில் தவணை, தாமத வட்டி, ஏனைய கட்டணங்கள் வெவ்வேறாக, ஒவ்வொரு கட்டணமும் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ், என் கணக்கைக் கையாளும் உத்தியோகத்தரின் பெயர், வெளி முகவர் இருந்தால் அவர்களின் பெயர். இனி இந்த ஒரு தொலைபேசி இலக்கத்தில், காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் என்னைத் தொடர்புகொள்ளவும். பிணையாளர் அல்லாத எவரிடமும் என் கடனைப் பற்றிப் பேச வேண்டாம். இன்ன திகதியில் என் கடை உரிமையாளருக்குச் செய்யப்பட்ட அழைப்பை முறைப்பாடாகப் பதிவுசெய்து, அதன் இலக்கத்தைத் தரவும்."

இரண்டு பிரதி. ஒன்றைக் கிளையில் கொடுத்து மற்றதில் முத்திரையும் திகதியும் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை முத்திரை குத்தத் தயங்கியது. அப்படியென்றால் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன் என்றவுடன் குத்தித் தந்தது. உண்மையில் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் ஒன்றை அனுப்புவதே நல்லது, நான் அனுப்பினேன்.

கணக்குக் கூற்று வந்தபோதுதான் எல்லாம் வெளித்தது. அது மாதத்தின் 20ஆம் திகதியில் எடுத்தது. மூன்று தவணை 35,310 ரூபா. ஒப்பந்தப்படி தாமத வட்டி பிந்திய தொகைக்கு மாதம் 2 வீதம். முதல் தவணை இரண்டரை மாதம், அடுத்தது ஒன்றரை, கடைசி அரை மாதம் பிந்தியிருந்தது. எல்லாம் சேர்த்தால் நாலரை மாதக் கணக்கு. 11,770ஐ 4.5ஆல் பெருக்கி 2 வீதம் எடுத்தால் 1,059 ரூபா. ஆக 36,369. இதை நீங்களே செய்து பார்க்கலாம். முக்கியம் என்னவென்றால், தாமத வட்டி பிந்திய தொகைக்குப் போட்டிருக்கிறார்களா, மிச்சமிருக்கும் முழுக் கடனுக்கும் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. என்னுடையதில் அது சரியாகவே இருந்தது.

சரியில்லாதது கீழே இருந்தது. "கள வருகைக் கட்டணம்" 4,500, "சட்டக் கடிதக் கட்டணம்" 3,500. மொத்தம் 44,369. போனில் ஆளுக்கொரு தொகை சொன்னதற்குக் காரணம் இந்த இரண்டு வரியும்தான், ஒருவர் சேர்த்துச் சொல்லுவார், மற்றவர் விட்டுச் சொல்லுவார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். "இப்ப ஒரு கட்டுக்காசையாவது போடுங்கோ அக்கா, கோல் நிக்கும்" என்று எல்லா ரிக்கவரிக்காரரும் சொல்லுவார்கள். நான் அப்போது 11,770 கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? என் ஒப்பந்தப்படி வரும் காசு முதலில் கட்டணங்களுக்குப் போகும், பிறகு தாமத வட்டிக்கு, அதன் பிறகுதான் தவணைக்கு. 8,000 கட்டணத்துக்கு, 1,059 தாமத வட்டிக்கு. மிச்சம் 2,711 ரூபா மட்டும் முதல் தவணையில் கழியும். அதாவது ஒரு முழுத் தவணைக் காசைக் கொடுத்த பிறகும் கணினியில் மூன்று தவணையும் நிலுவையாகவே நிற்கும், கோல் வந்துகொண்டே இருக்கும். காசு கட்டியும் கோல் நிற்கவில்லை என்று எங்கள் ஊரில் சொல்பவர்கள் பலருக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கட்டணத்தில் தகராறு இருந்தால் காசு போடுவதற்கு முன்பே அதைத் தீர்க்கவேண்டும்.

கள வருகைக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் பிரிவு எதுவும் இல்லை, நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அதை நீக்கினார்கள். சட்டக் கடிதத்தை நான் கண்ணாலேயே காணவில்லை என்றேன். அவர்கள் பதிவுத் தபால் துண்டைக் காட்டினார்கள். எங்கள் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. கட்டணம் ஒப்பந்தத்திலும் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டேன். மிஞ்சியது 39,869 ரூபா.

அதை 10 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,987, வழமையான தவணையோடு 15,757. என்னால் அதற்கு மேல் முடியாது என்று வருமானக் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன். கிளையில் அவர்கள் விரும்பியது வேறு: பழைய கடனை மூடிப் புதிய கடன். கேட்க இலகுவாக இருக்கும், மாதக் கட்டுக்காசும் குறையும். ஆனால் காலம் மீண்டும் 36 மாதமாகும், ஆவணக் கட்டணம் புதிதாக வரும், பிணையாளர்கள் திரும்பக் கையெழுத்து வைக்கவேண்டும். ரீச்சரிடம் மறுபடி போய் நிற்க எனக்கு மனமில்லை. தவணைத் திட்டத்திலேயே நின்றேன்.

ஒத்துக்கொண்ட பிறகும் ஒரு வரி இல்லாமல் கடிதம் வந்தது. "இத்திட்டப்படி செலுத்தும் காலத்தில் பழைய நிலுவைக்கு மேலதிக தாமத வட்டி சேராது" என்ற வரி. அது இல்லாவிட்டால் நான் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்க, பின்னால் 2 வீதம் ஏறிக்கொண்டே போகும், 10 மாதம் முடியும்போது புதிதாக ஒரு நிலுவை நிற்கும். எழுதச் சொல்லி வாங்கினேன். இந்தத் தொகையெல்லாம் கிளையில் அல்லது கடன் கணக்குக்கு நேரே கட்டினேன். வீட்டுக்கு வரும் பெடியன் கையில் காசு கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் நிறுவனத்தின் அச்சிட்ட பற்றுச்சீட்டு அந்த இடத்திலேயே வேண்டும், துண்டுக் கடதாசியில் கையெழுத்து போதாது.

கடிதத்துக்குப் பிறகு இரவுக் கோல்கள் நின்றன, கடைச் சொந்தக்காரருக்கும் போகவில்லை. நின்றிருக்காவிட்டால் அடுத்தது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். 1935க்கு எடுக்கலாம், எழுதியும் அனுப்பலாம். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். முத்திரை குத்திய பிரதியும் முறைப்பாட்டு இலக்கமும் அங்கேதான் உதவும். நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், அங்கேயும் இதே கேள்விதான். இவர்கள் கடனைத் தள்ளிவிட மாட்டார்கள், வட்டியைக் குறைக்க மாட்டார்கள். நிறுவனம் விதிப்படி நடந்ததா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கி, நிதி நிறுவனம், உரிமம் பெற்ற நுண்நிதி நிறுவனம் போன்றவைதான் அதன் கைக்குள் வரும். பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். போனில் செயலி இறக்கிக் கடன் தருபவர்கள், வாரக் கட்டுக்காசுக்கு ஊருக்குள் கூட்டம் வைப்பவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய ஆள் வீட்டு வாசலில் நின்று கத்தினால், போகச் சொல்லியும் போகாவிட்டால், தகாத சொல் பேசினால், நேரே பொலிஸ்தான். அத்துமீறி நுழைவதும் மிரட்டுவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், கடன் இருப்பதால் அது குற்றமில்லாமல் போகாது. முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்கவேண்டும். பெண்களைத் தகாத விதமாகப் பேசினால் 1938க்கும் எடுக்கலாம். எங்கள் பகுதியில் ஒரு அம்மா வீட்டு வாசலில் இரவு வரை இருந்த ஆட்களை எழுப்பியது விதானையாரும் அயலும் சேர்ந்துதான், அதுவும் நடக்கும்.

என் 10 மாதத் திட்டம் இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் கடன் தகவல் பணியகத்திலிருந்து என் சொந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஊரில் சிஆர்ஐபி என்பார்கள். மூன்று மாதமும் பிந்தியது அதில் இருக்கிறது, அது உண்மை என்பதால் நீக்கச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதம் கட்டிய பிறகும் கட்டாததாகக் காட்டியது. வங்கிச் சீட்டின் பிரதியோடு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். திருத்தி அனுப்ப வேண்டியது அவர்கள்தான், பணியகம் தானாக மாற்றாது.